இட்லி மாவுக்கு ஒரு பிரீஃப்

சென்னையில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் கிளையன்ட் சர்வீசிங் வேலையில் இருந்தபோது நடந்தது இது. பாக்கெட் இட்லி மாவு தயாரிக்கும் ஒரு நிறுவனம் எங்களிடம் வந்தது. எப்படிப்பட்ட விளம்பரம் வேண்டும் என்று சொல்லும் குறிப்புக்குத்தான் பிரீஃப் என்று பெயர். அவர்கள் அனுப்பியது 14 ஸ்லைடுகள். அதில் 11 ஸ்லைடுகளில் கம்பெனி வரலாறும் மெஷின் படங்களும்தான். மிச்சத்தில் இருந்த விஷயம் இவ்வளவே: யாருக்கு? 18 முதல் 45 வயது வரையுள்ள பெண்களுக்கு. என்ன சொல்ல வேண்டும்? ருசி, ஆரோக்கியம், பாரம்பரியம், பிரிசர்வேட்டிவ் இல்லை, கல்லில் அரைத்தது, கட்டுப்படியாகும் விலை. எதற்காக? பிராண்ட் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கட்டுப்பாடு? லோகோ பெரிதாக இருக்க வேண்டும்.

நான் அதை எங்கள் படிவத்தில் கட்டம் கட்டமாக நிரப்பி கிரியேட்டிவ் டீமிடம் கொடுத்துவிட்டேன். தபால்காரர் பார்க்கும் வேலைதான் அது.

முதல் சுற்றில் பாட்டியும் ஆட்டுக்கல்லும் வந்தார்கள். இரண்டாவதில் அவசரமாக ஆபீஸ் கிளம்பும் பெண். மூன்றாவதில் இட்லியைத் தூக்கிப் போட்டு விளையாடும் குழந்தைகள். மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா ஏதோ ஒண்ணு குறையுது." எங்கள் காப்பிரைட்டர் பேப்பரை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆறுல எது இல்லாட்டி இந்த மாவை யாரும் வாங்க மாட்டாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அதை மட்டும் எழுதறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என்னிடம் பதில் இல்லை. கிளையன்டின் மார்க்கெட்டிங் மேனேஜரிடம் கேட்டேன். "எல்லாமே முக்கியம் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றை வெட்டினால், ஏன் வெட்டினாய் என்று மேலே இருப்பவர் அவரைத்தான் கேட்பார். அதனால் கேள்வியை மாற்றினேன். "இந்த விளம்பரத்தைப் பார்த்துட்டு, இப்ப வேற எதை வாங்கறவங்க அதை நிறுத்திட்டு உங்க மாவை வாங்கணும்?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதிர்க் கம்பெனி ஒன்றைச் சொன்னார். அதிலும் அவருக்கே நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று கிளையன்டின் டெலிவரி வேனில் இரண்டு நாள் ஏறிச் சுற்றினேன்.

கடைகளில் பார்த்தது வேறு கதை. எதிர்க் கம்பெனி மாவு அதே ஃபிரிட்ஜில் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதனால் இவர்களுக்கு வியாபாரம் போகவில்லை. போனது தெருமுனைக்கு. மாலை ஆறரை மணிக்கு மேல் அங்கே ஒரு வீட்டு வாசலில் பெரிய பாத்திரத்தில் மாவு வைத்து, கரண்டியால் அள்ளி, எடை போட்டுப் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். மறுநாள் டிபனுக்கு அங்கேதான் கூட்டம். வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம், பாக்கெட் மாவு ஏன் வேண்டாம் என்று கேட்டேன். "அது எப்ப அரைச்சதோ யாருக்குத் தெரியும்? இங்க மதியம் அரைக்கிறது வீட்டுக்கே சத்தம் கேட்குது" என்றார்.

யாருக்கு, என்ன சொல்ல வேண்டும், என்னென்ன கட்டுப்பாடுகள் என்று படிவத்தில் முக்கியமான கட்டங்கள் மூன்று. அந்த ஒரே பதிலில் மூன்றும் நிரம்பிவிட்டன என்று அப்போது நினைத்தேன். உண்மையில் இரண்டுதான் நிரம்பின.

யாருக்கு என்ற கட்டத்தில் வயதையும் வருமானத்தையும் அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "மாலையில் வேலை முடிந்து வரும் வழியில், மறுநாள் காலை டிபனுக்குத் தெருமுனையில் எடை போட்டு மாவு வாங்குபவர். வீட்டில் கிரைண்டர் இருக்கிறது. வாரநாளில் அரைக்க நேரமில்லை. பாக்கெட் மாவு பழையது, சீக்கிரம் புளித்துவிடும் என்று பயப்படுகிறார்." இதைப் படித்ததும் ஆர்ட் டைரக்டர், "இது எங்க சித்திங்க" என்றார். 18 முதல் 45 என்று படித்தபோது அவருக்கு எந்த முகமும் தோன்றவில்லை.

சொல்ல வேண்டிய ஒன்று எது என்பதில்தான் நிறைய நேரம் போனது. முதலில் "மூன்று நாள் புளிக்காது" என்று எழுதினேன். அவர்களுடைய தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அதை அடித்தார். குளிரிலேயே வைத்திருந்தால்தான் அது உண்மை. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிடும் கடைகள் உண்டு. அங்கே மாவு புளித்து, பையும் உப்பி, திரும்பி வருகிறது. நம் கையில் இல்லாத ஒன்றுக்கு நாம் வாக்குக் கொடுக்க முடியாது. "ஃபிரெஷ் மாவு" என்று போடலாமே என்றார் மேனேஜர். அதற்கும் வழியில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு விளம்பரங்களுக்குப் போட்ட 2018 விதிகளின்படி, கழுவுவது, தோலுரிப்பது, நறுக்குவது, குளிரூட்டுவது போன்றவற்றைத் தாண்டிப் பதப்படுத்திய எதையும் ஃபிரெஷ் என்று சொல்லக் கூடாது. இதுவோ அரைத்துப் புளிக்க வைத்த மாவு.

அந்த அம்மாவின் பதிலுக்கே திரும்பிப் போனோம். அவர் ருசியைப் பற்றிப் பேசவே இல்லை. எப்போது அரைத்தது என்று தெரியாததுதான் அவர் குறை. பையில் தேதி அடிக்கும் மெஷினில் நேரத்தையும் சேர்த்து அடிக்க முடியும் என்று தெரியவந்தது. கடைசியில் அந்தக் கட்டத்தில் நின்ற வரி: "எப்போது அரைத்தது என்று பையைப் பார்த்தே தெரிந்துகொண்டு வாங்கலாம்." ஆறு செய்திகளில் ஐந்து போயின. கல்லில் அரைத்தது என்பதை மட்டும் விட மனமில்லாமல், பையின் பின்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் செய்தோம்.

மூன்றாவது கட்டம், கட்டுப்பாடுகள். பழைய பிரீஃபில் இந்த இடத்தில் "லோகோ பெரிதாக இருக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. இப்போது உட்கார்ந்து கேட்டு எழுதினேன். எஃப்எம்மில் 20 விநாடி ஸ்பாட், அப்புறம் பஸ்ஸின் பின்பக்கம். இந்தப் பணத்துக்கு வேறெதுவும் கிடையாது. நிதானமாகப் பேசினால் 20 விநாடியில் 40 சொல்லுக்கு மேல் போகாது, பஸ்ஸில் ஆறு சொல்லே அதிகம். இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருந்தால் பாட்டி, ஆட்டுக்கல், பின்னணி இசை எல்லாவற்றுக்கும் ஸ்டோரிபோர்டு போட்டிருக்க மாட்டோம். பிறகு, கொஞ்சம் தயங்கித் தயங்கி மேனேஜர் சொன்னது: முதலாளியின் மைத்துனர் கிரைண்டர் ஷோரூம் வைத்திருக்கிறார். வீட்டில் அரைப்பது கஷ்டம் என்று எங்கேயும் வரக் கூடாது. எங்கள் இரண்டாவது சுற்று ஏன் ஊற்றிக்கொண்டது என்று அப்போதுதான் புரிந்தது. கடைசி ஒப்புதல் முதலாளியின் அப்பாவுடையது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று சுற்றிலும் அவர் எங்கள் கூட்டத்தில் இருந்ததே இல்லை. இரண்டையும் எழுதினேன், மைத்துனர் விஷயத்தைக் காரணம் சொல்லாமல்.

எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் பக்கம். இந்த முறை மெயிலில் அனுப்பவில்லை. பெரியவர், மேனேஜர், தரக்கட்டுப்பாட்டு அதிகாரி, ஆலை மேற்பார்வையாளர் எல்லோரையும் உட்காரவைத்து, சத்தமாகப் படித்தேன். பெரியவர், "ஃபிரெஷ்னு எங்கயும் இல்லையே தம்பி" என்று மட்டும் கேட்டார். விதியைச் சொன்னதும் தலையாட்டினார். அரைத்த நேரம் பையில் இருக்கும் என்ற வரி வந்தபோது மேற்பார்வையாளர் எழுந்து நின்றார்.

"ஐயா, ராத்திரி பத்து மணிக்கு மேல அரைக்கிறதுக்கு நாம அடுத்த நாள் தேதிதானே போடறோம்?"

யாரும் பேசவில்லை. பெரியவர் என் கையிலிருந்து பேப்பரை வாங்கி, அந்த வரியின் கீழே கோடு போட்டு, மேற்பார்வையாளரிடம் நீட்டினார். "முதல்ல அதை நிறுத்துங்க. விளம்பரம் அப்புறம்."

ஷிஃப்ட் நேரத்தை மாற்றி, மெஷினைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் காப்பிரைட்டர் பேனாவைத் திறந்தார்.