திறக்கும் தேதி கேட்டால்…

அஸ்தம்பட்டிப் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு அசைவ மெஸ். புரட்டாசி பிறந்தால் சேலத்தில் பாதி வீடுகளில் கறிச்சட்டி பரணுக்கு ஏறிவிடும். எப்படியும் வியாபாரம் படுக்கிற மாதம், சமையலறைத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று முடிவானது. வாசல் பேனருக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் நாலு வரி எழுதும் வேலை என் தலையில்.

சித்தப்பா ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தார்: "பராமரிப்புப் பணி. கடை விடுமுறை." இதை மாட்டினால் மூன்றாம் நாளே கடையை விற்றுவிட்டார்கள் என்பார்கள், நாலாம் நாள் அதிகாரிகள் வந்து சீல் வைத்ததைக் கண்ணால் பார்த்த ஆளும் கிடைப்பார். அதனால் என்ன வேலை என்பதையே எழுதிவிடலாம் என்றேன்.

அடுத்தது தேதி. கொத்தனாரைக் கேட்டோம்.

"இருபது நாள்ல முடிச்சிரலாமுங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய டைல்ஸை உடைத்து அள்ள மூன்று நாள். தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓட, பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் கொடுத்துக் காங்கிரீட் போட நாலு நாள். அதை ஒரு வாரம் நனைக்க வேண்டும். அப்புறம் டைல்ஸ், இடுக்குப் பூச்சு, அது காய்வது என்று இன்னொரு வாரம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, அடுப்படியில் தேங்கினால் அந்த இடத்தை மறுபடி உடைக்க வேண்டும். இருபது நாள் இதிலேயே தாண்டிவிட்டது. பெயிண்டர் இன்னும் உள்ளேயே வரவில்லை.

"சனிக்கிழமை வருவீங்கல்லண்ணா?"

"புரட்டாசி சனிங்க தம்பி. கோட்டை அழகிரிநாதர் கோயிலுக்குப் போகோணுமில்ல?"

கடைக்கு ஓய்வு கொடுத்த பெருமாள் கொத்தனாருக்கும் கொடுத்துவிட்டார்.

ஐப்பசி பிறந்ததும் அக்டோபர் 18-லேயே திறக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. மேலே ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னேன். முன்னதாகத் திறந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சொன்ன தேதியில் வந்து பூட்டைப் பார்த்தவர் எதிர்க்கடையில் கை நனைப்பார், ருசி பிடித்துப்போனால் அங்கேயே தங்கிவிடுவார்.

"அதுவரைக்கும் சாப்பிட எங்கே போவாங்க? அதையும் போட்டுருவோம்" என்றேன்.

"எதிர்க்கடைக்கு நானே பேனர் வைக்கணுமா?" என்று துண்டை உதறினார். கடைசியில் சித்தி வழி கண்டுபிடித்தார்.

"சமையலறைத் தரை புதுப்பிக்கும் பணிக்காக செப்டம்பர் 18 முதல் மெஸ் மூடப்படுகிறது. அக்டோபர் 25, ஞாயிறு காலை 11 மணிக்கு இதே இடத்தில் திறக்கிறோம். அதுவரை பின்தெரு வீட்டில் மதியம் 12 முதல் 2 வரை சைவச் சாப்பாடு, பார்சல் மட்டும். விசேஷ ஆர்டர்களுக்குப் பழைய எண்ணிலேயே அழைக்கலாம்."

பேனர் ஏறிய அன்றே அந்தப் பழைய எண்ணுக்கு ஒரு அழைப்பு.

"அண்ணே, போர்டு பார்த்தேனுங்க. அந்தச் சைவச் சாப்பாட்டுக்குக் குடல் குழம்பு தனியா தருவீங்களா?"