மலைச்சாலையில் இரண்டு ரசீது: ரீட்ரை நாட்குறிப்பு

மார்ச் 4

தவணை வசூல் ஆப் ஒன்றை இந்த வாரம் என் கையில் கொடுத்திருக்கிறார்கள். புகார் ஒன்றுதான்: போடியிலிருந்து மலையேறும் பாதையில் வசூலுக்குப் போகிறவர்களின் கணக்கில் மட்டும் அடிக்கடி ஒரே ரசீது இரண்டு முறை விழுகிறது. "அவங்க ரெண்டு தடவை அமுக்குறாங்க" என்பது அலுவலகத்தின் தீர்ப்பு. லாகைத் திறந்தால் வேறு கதை.

```
11:42:07 POST /receipts 201
11:42:18 POST /receipts 201
```

ஒரே ஆள், ஒரே தொகை, நடுவே 11 விநாடி. இப்படி இன்னும் பல ஜோடிகள், எல்லாவற்றிலும் இடைவெளி பத்து, பதினொன்றுதான். மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக அமுக்க மாட்டார்கள். ஆப் கோரிக்கை அனுப்பப் பயன்படுத்தும் OkHttp லைப்ரரியில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் `readTimeout` பத்து விநாடி. அது முடிந்ததும் ஆப்பில் உள்ள லூப் உடனே மறுபடி அனுப்புகிறது, புதிதாக கனெக்‌ஷன் பிடிக்க ஒரு விநாடி. கணக்கு சரியாக வருகிறது.

சர்வர் பக்கம் பார்க்கும் நண்பர் "201 கொடுத்துட்டேனே" என்கிறார். கொடுத்தார்தான். ஆனால் அந்த 201-க்கு, பதிலைத் தன் கெர்னலிடம் ஒப்படைத்தாயிற்று என்பதற்கு மேல் அர்த்தமில்லை. போன் அதை வாங்கியதா என்று அந்த வரி சொல்லாது. கோரிக்கை மேலே போய்ச் சேர்ந்தது, ரசீது பதிவானது, பதில் திரும்பி வருவதற்குள் வண்டி ஒரு வளைவு திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

மார்ச் 5

டைம்அவுட் எண்ணைக் கூட்டிவிடலாம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். முப்பது விநாடி ஆக்கினால் இரட்டை ரசீது குறையும், போகாது. எண்ணைத் தொடுவதற்கு முன்னால் தோல்விகளை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். `UnknownHostException` வந்தால் பெயரே கிடைக்கவில்லை, கோரிக்கை போனை விட்டுக் கிளம்பவில்லை. `ConnectException`-உம் அதே மாதிரி. இவற்றை எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் கெடுதல் இல்லை. அனுப்பிய பிறகு பதில் வராமல் போவதுதான் சிக்கல், ஏனென்றால் வேலை நடந்ததா இல்லையா என்பது போனுக்குத் தெரியவே தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அதனால் ஒவ்வொரு ரசீதுக்கும் வேறெதற்கும் வராத ஒரு UUID, அதுதான் அதன் சாவி. "சேமி" அழுத்தியவுடன் அதை உருவாக்கி, ரசீதோடு சேர்த்து முதலில் போனுக்குள் இருக்கும் டேட்டாபேஸில் எழுதிவிட்டுத்தான் அனுப்பத் தொடங்குகிறோம். ஒவ்வொரு முயற்சியிலும் அதே சாவி `Idempotency-Key` ஹெடரில் போகும். நடுவில் ஆப்பை மூடித் திறந்தாலும் மாறாது. (அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே UUID உருவாக்கும் கோடை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். முயற்சிக்கு ஒரு சாவி என்றால் அது இருந்தும் பயனில்லை.) சர்வரில் அந்தச் சாவிக்கு யுனிக் இண்டெக்ஸ், ரசீதும் சாவியும் ஒரே டிரான்சாக்‌ஷனில். இரண்டாம் முறை அதே சாவி வந்தால் முதலில் கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கும். முதல் கோரிக்கை இன்னும் முடியாமல் இருக்கும்போதே இரண்டாவது வந்துவிட்டால் 409, போன் சற்றுப் பொறுத்துவிட்டு மறுபடி கேட்கும்.

மார்ச் 7

இப்போது டைம்அவுட். `readTimeout` என்பது மொத்த நேரம் இல்லை, எதுவுமே வராமல் எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்பதற்கான எல்லை. ஒன்பது விநாடிக்கு ஒரு துளி வந்துகொண்டே இருந்தால் அது பாட்டுக்கு ஓடும், திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மொத்தத்துக்கும் கெடு வைப்பது `callTimeout`. அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது கெடுவே கிடையாது. அதை 25 விநாடியில் வைத்தேன்.

கனெக்ட் டைம்அவுட்டை இரண்டு விநாடியாகக் குறைத்தால் சுறுசுறுப்பாக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. TCP கனெக்‌ஷனைத் தொடங்கப் போகும் முதல் SYN பாக்கெட் தொலைந்துபோனால் ஒரு விநாடி கழித்து இன்னொன்று போகும், அதுவும் போனால் 3-ஆவது விநாடியில், பிறகு 7-ஆவது விநாடியில். இரண்டு விநாடியில் வெட்டினால் இரண்டே பாக்கெட்டை நம்பி இருக்கிறோம், பிறகு நாமே ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறோம். பத்து விநாடி இருந்தால் நான்கு SYN-க்கும் இடமுண்டு. பாக்கெட் உதிரும் இடத்தில் கெர்னல் செய்யும் ரீட்ரை நம்முடையதைவிட மலிவு, அதைச் செய்ய விட வேண்டும்.

மார்ச் 10

மாலை ஆறு மணிக்கு மேல் எல்லாரும் ஊருக்குள் இறங்கி சிக்னல் பிடிக்கும்போது தேங்கிய ரசீதுகள் மொத்தமாகக் கிளம்பும். அந்த நேரம் பார்த்து சர்வர் திணறினால், எல்லாப் போனும் 1, 2, 4 விநாடி என்று ஒரே தாளத்தில் திரும்பி வந்து மோதும். காத்திருப்பை இரட்டிப்பாக்குவது மட்டும் போதாது, கலைத்துவிடவும் வேண்டும். 2015-இல் அமேசானின் மார்க் புரூக்கர் எழுதிய கட்டுரையில் உள்ள, பூஜ்யத்திலிருந்து உச்சம் வரை ஏதோ ஒரு நேரத்தைக் குலுக்கி எடுக்கும் ஃபுல் ஜிட்டர் முறையைத்தான் எடுத்துக்கொண்டேன்:

```kotlin
val cap = minOf(60_000L, 1_000L shl attempt)
delay(Random.nextLong(cap + 1))
```

"பூஜ்யம் விழுந்தா உடனே போயிடுமே" என்றார் நண்பர். போகட்டும். ஒரு போன் உடனே போவதில் சர்வருக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் ஒன்றாகப் போவதுதான் ஆபத்து. 429, 503 வந்து அதில் `Retry-After` இருந்தால் சர்வர் சொன்ன நேரம் வரை காத்திருந்து, அதற்கு மேல் ஜிட்டர். 400, 422 வந்தால் ரீட்ரையே இல்லை, தப்பான தொகை பத்து முறை அனுப்பினாலும் தப்புதான்.

திரை திறந்திருக்கும்போது நான்கு முயற்சி. அதற்கு மேல் வேலை, ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் WorkManager கைக்குப் போய்விடும்.

மார்ச் 12

அந்த WorkManager-இல் ஒரு வில்லங்கம். அதன் பேக்ஆஃப் முப்பது விநாடியில் தொடங்கி இரட்டிப்பாகும், உச்சவரம்பு ஐந்து மணி நேரம். `NetworkType.CONNECTED` என்று நிபந்தனை போட்டிருக்கிறோம், ஆனால் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் அது கனெக்டட்தான். ஆக மலையில் இருக்கும்வரை முயற்சிகள் வீணாக எரிந்துகொண்டே இருக்கும், எட்டாவது தோல்விக்குப் பிறகு அடுத்த முயற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. அதற்குள் ஆள் ஊருக்கு வந்து டீ குடித்துவிட்டு நல்ல சிக்னலில் உட்கார்ந்திருப்பார், ரசீது போகாது. ஆப்பைத் திறந்தாலோ ஒரு கோரிக்கை வெற்றியடைந்தாலோ பழைய வேலையை ரத்து செய்து புதிதாக வரிசையில் போடும்படி மாற்றினேன். சாவி டேட்டாபேஸில் இருப்பதால் இதைத் தயங்காமல் செய்ய முடிகிறது.

மார்ச் 14

மலைக்குப் போகாமலே சோதிக்க ஒரு வழி. ஆப்பில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் கனெக்‌ஷன் உருவாகி பூலில் ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் டெஸ்ட் சர்வரில்:

```
iptables -A OUTPUT -p tcp --sport 8080 -j DROP
```

சர்வரிலிருந்து வெளியே போவது மட்டும் நிற்கும், உள்ளே வருவது வரும். உடனே "சேமி". டேபிளில் வரிசை விழுவது தெரிகிறது, போனில் பத்து விநாடி கழித்து டைம்அவுட். அடுத்த முயற்சிக்கு கனெக்‌ஷனே கிடைக்காது, ஏனென்றால் SYN-க்கான பதிலும் வெளியே வராது. `-A`-வை `-D` ஆக்கி விதியை நீக்கியதும் அடுத்த முயற்சி போனது, பழைய ரசீது எண்ணே திரும்பி வந்தது. டேபிளில் ஒரே வரிசை.

ஒன்று மட்டும் சாவிக்கு அடங்காது. "போயிட்டிருக்கு" என்று நிற்கும் திரையைப் பார்த்துப் பொறுமை இழந்து, பின்னால் போய்ப் புதிதாக அதே தொகையை அடித்தால் அது புது ரசீது, புது சாவி. காத்திருக்கும் ரசீதுகளை வாடிக்கையாளர் பெயருக்குக் கீழேயே காட்டி, அதே ஆளுக்கு அதே தொகை வந்தால் கேட்டுவிட்டு விடும்படி திங்கட்கிழமை செய்ய வேண்டும்.