சென்சார் இல்லாத விளக்குக்கு அந்தி நேரம் எப்படித் தெரிகிறது: டாஸ்மோட்டா பிளக்கில் அமைத்த அனுபவம்

அந்தியானதும் தானாக எரியும் ஸ்மார்ட் விளக்கில் வெளிச்சத்தைப் பார்க்கும் கண் ஏதோ இருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தெருவிளக்குகள் சிலவற்றில் அப்படி ஒன்று உண்டு. வீட்டில் மாட்டும் வைஃபை பிளக்கிலோ பல்பிலோ பெரும்பாலும் கிடையாது. அதற்குத் தெரிவதெல்லாம் இன்றைய தேதி, வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை. இந்த மூன்றை வைத்துத் தினமும் ஒரு கணக்குப் போட்டு, வரும் விடையை அன்றைய அலாரமாக வைத்துக்கொள்கிறது. மேகம் மூடி நான்கு மணிக்கே இருட்டினாலும் அது அசையாது.

இங்கே எடுத்துக்கொண்டது சென்னையில் ஒரு மாடிப்படி விளக்கு. பிளக்குக்குள் ஈஎஸ்பி8266 சிப், அதில் டாஸ்மோட்டா மென்பொருள். வேறு ஆப் பயன்படுத்துபவர்களுக்குத் திரை மாறும், கணக்கு மாறாது. டாஸ்மோட்டாவில் எல்லாம் வெளிப்படையாகத் தெரிவதால் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம்.

முதலில் இடம். கூகுள் மேப்பில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும். பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகிறது; அப்படியென்றால் 0.01 டிகிரி தீர்க்கரேகைக்கு 2.4 விநாடிதான். வீட்டு வாசல் வரை துல்லியமாகக் கொடுப்பதால் எந்த லாபமும் இல்லை. ஆனால் ஊரையே மாற்றிக் கொடுத்தால் வித்தியாசம் தெரியும்: சென்னைக்கும் கோவைக்கும் தீர்க்கரேகையில் சுமார் 3.3 டிகிரி இடைவெளி, அதாவது 13 நிமிடம்.

பிளக்கின் ஐபி முகவரியை பிரவுசரில் திறந்து, கன்சோலில் இதைத் தட்ட வேண்டும்:

```
Backlog Latitude 13.08; Longitude 80.27; Timezone +05:30
Status 7
```

இரண்டாவது வரிக்கு வரும் பதிலில் `Local`, `Sunrise`, `Sunset` மூன்றையும் பாருங்கள். `Local` உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். `Sunset` அன்றைய தினசரி நாள்காட்டியில் இருக்கும் அஸ்தமன நேரத்துக்கு ஓரிரு நிமிடங்களுக்குள் இருக்க வேண்டும். இது சரியாகும் வரை டைமர் பக்கமே போகக் கூடாது.

இனி உள்ளே நடக்கும் கணக்கு. தேதியிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்ற சாய்வு. டிசம்பர் 21-இல் இது தெற்கே 23.44 டிகிரி. இன்னொன்று, சூரியக் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் அன்று உள்ள வித்தியாசம். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த வித்தியாசம் வருடம் முழுக்கக் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். டிசம்பர் 21-இல் சூரியன் சுமார் 2 நிமிடம் முந்துகிறது.

இந்திய நேரம் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 டிகிரி கோட்டை வைத்து எடுத்தது. சென்னை அதற்கு 2.23 டிகிரி மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வர சுமார் 9 நிமிடம் தாமதம். சூரியன் முந்தும் 2 நிமிடத்தைக் கழித்தால் அன்றைய உச்சிப்பொழுது 12:07. உச்சியிலிருந்து அடிவானத்துக்கு இறங்க எவ்வளவு நேரம் என்பதற்கு அட்சரேகை வேண்டும்:

```
cos H = (sin(-0.833°) - sin φ · sin δ) / (cos φ · cos δ)
```

φ அட்சரேகை, δ சூரியச் சாய்வு, H உச்சியிலிருந்து அஸ்தமனம் வரை சூரியன் நகரும் கோணம். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது 0 டிகிரிதானே, 0.833 எங்கிருந்து வந்தது? காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் சூரியன் 34 கலை உயர்ந்து தெரிகிறது; ஒரு டிகிரிக்கு 60 கலை. வட்டத்தின் மேல் விளிம்பு மறைவதைத்தான் அஸ்தமனம் என்கிறோம். அதற்காக அரை வட்டம், இன்னும் 16 கலை. மொத்தம் 50 கலை, அதாவது 0.833 டிகிரி. எண்களைப் போட்டால் H 85.15 டிகிரி வருகிறது. 15 டிகிரிக்கு ஒரு மணி என்று மாற்றினால் 5 மணி 41 நிமிடம். 12:07-உடன் கூட்டினால் மாலை 5:48. ஜூன் 21-க்கு இதே கணக்கு மாலை 6:38-ஐத் தருகிறது.

இங்கே ஒரு விசித்திரம். வருடத்திலேயே பகல் குறைந்த நாள் டிசம்பர் 21. ஆனால் சென்னையில் விளக்கு சீக்கிரமாக எரிவது அன்றல்ல. நவம்பர் 20-ஐ ஒட்டி அஸ்தமனம் 5:39-க்கே வந்துவிடுகிறது. அப்போது சூரியன் நம் கடிகாரத்தை 14 நிமிடத்துக்கு மேல் முந்தியிருப்பதால் உச்சிப்பொழுதே 11:55-க்கு முன் வந்துவிடுகிறது. டிசம்பரில் பகல் இன்னும் சுருங்கினாலும் உச்சிப்பொழுது தள்ளிப்போவதால் விளக்கு தாமதமாகத்தான் எரியும். இதைப் பார்த்துவிட்டு பிளக் கெட்டுப்போனதாக நினைத்து ரீசெட் செய்ய வேண்டாம்.

`Status 7` சரியாக வந்தபின் டைமர்:

```
Timer1 {"Enable":1,"Mode":2,"Time":"00:10","Window":0,"Days":"1111111","Repeat":1,"Output":1,"Action":1}
Timer2 {"Enable":1,"Mode":0,"Time":"22:30","Window":0,"Days":"1111111","Repeat":1,"Output":1,"Action":0}
Timers 1
```

`Mode` 2 என்றால் அஸ்தமனம், 0 என்றால் கடிகார நேரம். முதல் வரியின் `Time` இங்கே மணி அல்ல, அஸ்தமனத்துக்குப் பின் 10 நிமிடம் என்ற தள்ளல். முன்கூட்டியே எரிய `-00:15` என்று போடலாம். கடைசி வரியை மறந்தால் டைமர்கள் திரையில் அழகாகத் தெரியும், எதுவும் எரியாது.

தள்ளல் எவ்வளவு வைப்பது? அஸ்தமனத்துக்குப் பிறகும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். சூரியன் 6 டிகிரி கீழே போகச் சென்னையில் 21 முதல் 23 நிமிடம். திறந்த பால்கனிக்கு 10 நிமிடம் கழித்து எரிந்தால் சரி. ஜன்னல் இல்லாத மாடிப்படியில் அந்தி முன்னதாகவே வந்துவிடும், அங்கே கழித்தல் குறிதான் உதவும். கம்பம், தேனிப் பக்கம் இன்னொரு சிக்கல்: மேற்குத் தொடர்ச்சி மலை சூரியனை நேரத்துக்கு முன்பே மறைத்துவிடுகிறது. கணக்குக்கு மலை தெரியாது. சமமான அடிவானம் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது. அங்கே சூரியன் மலைக்குப் பின் போகும் நேரத்தை இரண்டு மூன்று நாள் குறித்து, `Sunset`-இலிருந்து கழித்துத் தள்ளல் வைக்க வேண்டும். சூரியன் இறங்கும் இடம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் ஒரே தள்ளல் ஆண்டு முழுக்கப் பொருந்தாது.

கோளாறு வந்தால், எவ்வளவு நேரம் தப்புகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். டிசம்பரில் விளக்கு இரவு 9:26-க்கு அஸ்தமனம் என்று சாதித்தால், இடத்தை நீங்கள் கொடுக்கவே இல்லை. டாஸ்மோட்டாவில் முன்னிருப்பாக இருப்பது பாரிஸ், 48.858360, 2.294442. அங்கே அந்தியாகும் நேரம் நம் கடிகாரத்தில் அது. அஸ்தமனம் விடியற்காலையில் வந்தால் தீர்க்கரேகையில் தேவையில்லாத கழித்தல் குறி விழுந்திருக்கிறது; விளக்கு பூமியின் அந்தப் பக்கம் போய்விட்டது.

அட்சரேகையில் கழித்தல் குறி விழுந்தால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். மார்ச், செப்டம்பரில் அமைத்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அப்போது சூரியன் நிலநடுக்கோட்டின் மேல் நிற்கிறது; வடக்கும் தெற்கும் ஒன்றுதான். மாதம் ஆக ஆகப் பிழை வளரும். டிசம்பரில் 5:48-க்குப் பதில் 6:34 வரும். அதனால் மார்ச்சில் அமைப்பவர்கள் `Sunset`-ஐ மட்டும் நம்பாமல் குறியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நேர மண்டலத்தில் 5:30-க்குப் பதில் 5 என்று போட்டால் வேறு மாதிரி ஏமாற்றும். அஸ்தமனமும் கடிகாரமும் சேர்ந்தே அரை மணி பின்னால் போவதால் விளக்கு சரியான நேரத்தில் எரியும். ஆனால் அணைவது 10:30-க்குப் பதில் 11 மணிக்கு. எரிவது சரி, அணைவது தப்பு என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் அதிகம் படுத்துவது கரண்ட் கட். இந்தச் சிப்பில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. கரண்ட் வந்ததும் இன்டர்நெட்டில் இருந்துதான் தேதியும் நேரமும் வாங்குகிறது. ரவுட்டர் எழுந்து இணையும் வரை அதற்கு இன்று என்ன நாள் என்றே தெரியாது. தேதி இல்லாமல் சாய்வு இல்லை, சாய்வு இல்லாமல் அஸ்தமனம் இல்லை. ஜூன் மாதத்தில் ஆறரைக்குக் கரண்ட் போய் ஏழுக்கு வந்தால், அதற்குள் டைமர் நேரம் கடந்துபோயிருக்கும். தவறவிட்டதை அது திரும்பப் பார்க்காது, அன்று முழுக்க இருட்டுதான். இதற்கு ஒரு விதி எழுதி வைக்கலாம்:

```
Rule1 ON Time#Initialized DO event ck=%time% ENDON ON event#ck>%sunset% DO Power1 1 ENDON ON event#ck>1350 DO Power1 0 ENDON
Rule1 1
```

நேரம் கிடைத்ததும் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கிறது. அஸ்தமனம் தாண்டியிருந்தால் எரியவிடும். 1350, அதாவது 10:30-ஐயும் தாண்டியிருந்தால் உடனே அணைத்துவிடும். எழுதியதைச் சோதிக்க அடுத்த கரண்ட் கட் வரை காத்திருக்க வேண்டாம். மாலை ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி, ரவுட்டரையும் அணைத்து, இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள். ரவுட்டர் எழ ஓரிரு நிமிடம் ஆகும். அது இணைந்ததும் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் `Status 7` கொடுத்து `Local`-ஐப் பாருங்கள்; 1970 என்று காட்டினால் பிளக்குக்கு நேரம் இன்னும் வந்து சேரவில்லை.