நிலைமின்னியலை ஒரே பக்கத்தில் அடக்கிய அனுபவம்

பிளஸ் டூ இயற்பியல் பொதுத்தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது, முதல் அலகான நிலைமின்னியலுக்கு ஒரு பக்கச் சுருக்கத்தாள் எழுத, சைதாப்பேட்டை வீட்டின் மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். பாடநூலைப் பார்த்துத் தலைப்பு வாரியாக எழுதியதில் ஏ4 தாளின் இரு பக்கங்களும் பொடி எழுத்தால் நிரம்பின; பாடமோ பாதிகூட முடியவில்லை. எழுதியதில் பெரும்பகுதி கூலூம் விதி போல எனக்கு நன்றாகத் தெரிந்தவையே.

அதைப் பார்த்த அக்கா, "புத்தகத்தை மூடிட்டு எழுதுடா. எங்க நிக்கிறியோ அத மட்டும் தாள்ல ஏத்து" என்றாள்.

மறுநாள் பழைய நோட்டில் பாடம் முழுவதையும் நினைவிலிருந்து எழுதிவிட்டு, பிறகு நூலைத் திறந்து சிவப்பு மையால் திருத்தினேன். சிவப்பு விழுந்த இடங்கள் மட்டுமே புதிய தாளுக்குப் போயின. மின்தேக்கிகளின் தொடரிணைப்பை மின்தடைகளின் தொடரிணைப்பைப் போலவே நேரடியாகக் கூட்டியிருந்தேன்; ஆகவே 1/C = 1/C₁ + 1/C₂ என்பது தாளில் இடம்பெற்றது. சரியாக எழுதியிருந்த பக்க இணைப்பை விட்டுவிட்டேன்.

ஐந்து மதிப்பெண் தருவித்தல்களில்தான் எதை விடுவது என்று முடிவெடுக்கச் சிரமப்பட்டேன். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் காண்பதற்கு, E = 2p/4πε₀r³ என்ற இறுதி விடை போதும் என்று நினைத்தேன். மறுநாள் காலை அந்தத் தாளை மட்டும் வைத்துத் தருவித்துப் பார்த்தபோது, இரு மின்துகள்களின் புலங்களையும் கூட்டிவிட்டு, விடை வராமல் திணறினேன். விடை நினைவிருந்தும் அதற்குப் போகும் திருப்பம் நினைவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஆகவே விடைக்கு மேலே, "எதிரெதிர்த் திசை, கழி: 1/(r−a)² − 1/(r+a)²; பின் r ≫ a; 2aq = p" என்று ஒரே வரி சேர்த்தேன். நடுவரைக் கோட்டுக்கு, "செங்குத்துக் கூறுகள் நீங்கும், இணைக் கூறுகள் கூடும், p-க்கு எதிர்த்திசை, 2 வராது" என்று எழுதினேன். இடைப்பட்ட இயற்கணிதத்தைக் கை தானாகச் செய்துவிட்டதால் அது தாளில் ஏறவில்லை.

வான் டி கிராப் மின்னியற்றிக்கு முழுப் படத்தையும் வரைந்தால் கால் பக்கம் போய்விடும். படத்தை ஏற்கெனவே பலமுறை வரைந்திருந்தேன். நான் குழப்பிக்கொண்டது கீழ்ச்சீப்பில் கூர்முனைச் செயல்பாடு, மேல்சீப்பில் நிலைமின் தூண்டலும் கூர்முனைச் செயல்பாடும் என்ற வரிசையைத்தான். அதை மட்டும் இரண்டு அம்புக்குறிகளோடு குறித்தேன்.

இப்படி எழுதிய தாள் ஒரு பக்கத்தில் அடங்கி, கீழே நான்கு விரற்கடை இடமும் மிஞ்சியது. அந்த இடத்தை நிரப்பவில்லை. கடைசி மூன்று நாள்களில் மாதிரி வினாத்தாள் எழுதியபோது செய்த இரண்டு பிழைகள் அங்கே போய்ச் சேர்ந்தன.