78 டெஸ்ட், மூன்று குழாய் ரத்தம்

ஜனவரியில் இங்கே மொரீஷியஸில் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சுதான் ஓடும். ஒன்று, புயல் வருமா வராதா. இன்னொன்று, காவடிக்கு விரதம் எப்போது தொடங்குவது. இந்த வருஷம் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தார். தனியார் கிளினிக் ஒன்றின் பிலான் தெ சாந்தே, அதாவது முழு உடல் பரிசோதனை. 78 டெஸ்ட், ஆளுக்கு 11,500 ரூபாய், பெரியவர்கள் நான்கு பேர் சேர்ந்து வந்தால் 25 சதவீதம் தள்ளுபடி.

எங்கள் வீட்டில் சரியாக நான்கு பெரியவர்கள். நான் 41, அவர் 46, மாமா 69, அத்தை 65. மாமாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம், பிரஷர் மாத்திரையும் உண்டு. அத்தைக்குப் பிரஷர் மாத்திரை மட்டும். எங்கள் மகளுக்குப் பதினைந்துதான், அவள் கணக்கில் இல்லை. 46,000 ரூபாய் வேலை 34,500-க்கு முடிகிறதே என்று அவர் அப்போதே பணம் கட்டத் தயாராகிவிட்டார்.

என் கையிலோ இன்னொரு கிளினிக்கின் தாள் இருந்தது. அதில் வெறும் 9 டெஸ்ட், விலை 5,200 ரூபாய், இரண்டு பேருக்கு மேல் வந்தால் 10 சதவீதம் குறைவு. 78 எங்கே, 9 எங்கே என்று அவர் சிரித்தார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய தாளை மேசையில் விரித்துப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் 22 வரிகள் ஒரே டெஸ்ட். ஃபுல் பிளட் கவுண்ட். ஹீமோகுளோபின், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று ஒரு மெஷின் ஒரே ஓட்டத்தில் துப்பும் எண்களைத் தனித்தனி டெஸ்டாக எண்ணியிருந்தார்கள். அதிலும் எம்சிஎச், எம்சிஎச்சி போன்றவை வகுத்தல் கணக்கில் வருபவை. கொலஸ்ட்ரால் டெஸ்டான லிபிடோகிராமில் 8 வரிகள். அவற்றில் அளப்பது பெரும்பாலும் மூன்றுதான்: மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல், டிரைகிளிசரைடு. எல்டிஎல் பல லேபுகளில் இந்த மூன்றை வைத்துப் போடும் கணக்கு. மீதி எல்லாம் கூட்டலும் கழித்தலும் விகிதமும். சிறுநீரில் 14 வரி, ஈரலில் 11, சிறுநீரகத்தில் 7. சர்க்கரையில் மூன்று வரி, அதில் ஒன்று, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி-யிலிருந்து கணக்கிட்ட சராசரி. கணக்குப் போடுவதற்கும் காசு வாங்கினால் என் மகள் கூட லேப் வைக்கலாம்.

இப்படி எல்லாவற்றையும் மடித்துக்கொண்டே வந்தால் 78 என்பது 16 ஆனது. ரத்தத்துக்கு ஊதா மூடி, மஞ்சள் மூடி, சாம்பல் மூடி என்று மூன்று குழாய், சிறுநீருக்கு ஒரு குப்பி, அப்புறம் ஈசிஜி, வயிற்று ஸ்கேன். அவ்வளவுதான். அதே கண்ணோடு சின்னத் தாளைப் பார்த்தேன். பிளட் கவுண்ட், லிபிடோகிராம், ஈரல், சிறுநீரகம், தைராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, சிறுநீர், ஈசிஜி. அவர்கள் பாவம், நேர்மையாக 9 என்றே போட்டிருந்தார்கள். ஆக 78-க்கும் 9-க்கும் போட்டி இல்லை. 16-க்கும் 9-க்கும்தான்.

அப்படியானால் கூடுதலாக இருக்கும் ஏழு எவை? ரத்த வகை, வைட்டமின் டி, பி12, இரும்புச் சத்து, சிஇஏ என்ற ஒரு புற்றுநோய்க் குறியீடு, அதேபோல் பெண்களுக்குச் சினைப்பைக்கான சிஏ-125 அல்லது ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ, வயிற்று ஸ்கேன். தள்ளுபடி போக ஒருவருக்கு 8,625 ரூபாய். சின்னத் தாளில் தள்ளுபடி போக 4,680. இந்த ஏழுக்காக ஆளுக்கு 3,945 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

ரத்த வகையைச் சொல்லவே வேண்டாம். என்னுடையது மகள் பிறந்தபோது போட்ட ஃபைலில் இருக்கிறது, அவருடையது ரத்ததானக் கார்டில் இருக்கிறது. போன வருஷம் ஓ பாசிட்டிவாக இருந்தவர் இந்த வருஷம் பி ஆகிவிடப் போவதில்லை. வயிற்று ஸ்கேனில் அவருக்கு ஈரலில் லேசாகக் கொழுப்பு என்று போன வருஷமே எழுதிக் கொடுத்தார்கள். எடையும் அப்படியே, சாப்பாடும் அப்படியே. மறுபடி ஸ்கேன் எடுத்தாலும் அதே வரியைத்தான் எழுதுவார்கள்.

சிஏ-125 விஷயத்தில் எனக்குச் சொந்தக் கோபம் உண்டு. இரண்டு வருஷம் முன்பு வேறொரு கிளினிக்கில் பேக்கேஜ் எடுத்தேன். மாதவிடாயின் இரண்டாம் நாள். அதை யாரும் கேட்கவில்லை, கேட்பார்கள் என்று எனக்கும் தெரியாது. ரிப்போர்ட்டில் 48 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு. வரம்பு 35. சினைப்பைப் புற்றுநோய் என்று ஆரம்பித்து நான் இரவெல்லாம் படித்த படிப்பை இங்கே எழுத வேண்டாம். ஸ்கேன் எடுத்ததில் ஒரு சின்ன நார்க்கட்டி தெரிந்தது. அப்புறம் ஒரு மகப்பேறு மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: மாதவிடாய், நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் எதிலும் இந்த எண் ஏறும். அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணுக்குச் சும்மா பார்ப்பதற்கான டெஸ்டே இல்லை இது. மாதவிடாய் இல்லாத நாளில் திரும்ப எடுத்தபோது 22. அந்த இரண்டு மாதத் தூக்கத்தை யாரும் தள்ளுபடியில் திருப்பித் தரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேக்கேஜிலும் இந்த 78-இலும் சிஏ-125 இருக்கிறது, என் வயதுக்கு உண்மையிலேயே வேண்டிய, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் டெஸ்ட் இல்லை.

நிறைய டெஸ்ட் எடுத்தால் ஏதாவது ஒன்று சிவப்பில் வருவது விபத்தல்ல, கணக்கு. ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு வரும் எண்களை வைத்துத்தான் பொதுவாக வரம்பு போடுகிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், நோயே இல்லாத ஆளுக்கும் குறைந்தது ஒன்றாவது வரம்பு தாண்ட 64 சதவீத வாய்ப்பு. அந்த ஒன்றைத் தேடித் திரும்ப டெஸ்ட், அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஸ்பெஷலிஸ்ட்.

அடுத்து மாமா. அவருடைய டெஸ்ட் காகிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். கொட்டித் தேதிவாரியாக அடுக்கினேன். அரசு ஹெல்த் சென்டரில் ஆறு வாரம் முன்புதான் எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் எல்லாம் எடுத்திருந்தார்கள், காசில்லாமல். எச்பிஏ1சி 7.8. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அந்த எண் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஆறு வாரத்தில் திரும்ப எடுத்தால் கணிசமான பகுதி பழைய கதையையே படிக்கிறோம். அதற்கு 8,625 ரூபாய். ஆனால் கூடுதல் ஏழில் ஒன்று அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது: பி12. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையலாம், கால் மரத்துப்போவதாக அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்று, சிறுநீரில் புரதம் லேசாகக் கசியத் தொடங்கியிருக்கிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம். சர்க்கரைக்காரர்களுக்கு வருஷம் ஒரு முறை பார்க்க வேண்டியது. டப்பாவில் அது ஒன்றுகூட இல்லை. 78-இலும் இல்லை, 9-இலும் இல்லை. சாதாரணச் சிறுநீர் டெஸ்டில் புரதம் ‘நில்’ என்று வந்தால் போதாது, இந்த ஆரம்பக் கசிவு அதில் பெரும்பாலும் அகப்படாது.

கிளினிக்குக்கு போன் செய்து கேட்டேன். மாமாவை விட்டுவிட்டு மூன்று பேர் வந்தால் தள்ளுபடி உண்டா? இல்லை. ஒருவர் பெரிய பேக்கேஜ், மற்றவர்கள் சின்னது? இல்லை. வேண்டாத டெஸ்டை எடுத்துவிட்டால் விலை குறையுமா? குறையாது மேடம், அது பேக்கேஜ். நான்கு பேரும் ஒரே பேக்கேஜை ஒரே நாளில் எடுத்தால்தான் 25 சதவீதமாம். வேண்டாதவரையும் இழுத்து வருவதற்கான கூலிதான் குடும்பத் தள்ளுபடி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டார்.

கடைசியில் நாங்கள் செய்தது: நான், அவர், அத்தை மூவருக்கும் சின்னப் பேக்கேஜ், 14,040. எனக்குத் தனியாக ஃபெரிட்டின் 850, பாப் டெஸ்ட் 1,800. பெரிய தாளில் இரும்பு என்று இருந்தது சீரம் இரும்பு. அது நேற்றைய சாப்பாட்டைப் பொறுத்துக்கூட ஏறி இறங்கும், உடம்பின் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். மாமாவுக்கு பி12-உம் அல்புமின் விகிதமும் சேர்த்து 1,600. மொத்தம் 18,290 ரூபாய்.

தேதி விஷயத்தில் மட்டும் நான் கோட்டை விட்டேன். பத்து நாள் விரதத்தின் நடுவே அத்தை ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. சரி, காவடிக்கு மறுநாள் காலை என்று பதிந்துவிட்டேன். சைவமும் பட்டினியுமாக இருந்த பத்து நாளில் டிரைகிளிசரைடும் காலைச் சர்க்கரையும் வழக்கத்தைவிடக் குறைவாக வர வாய்ப்புண்டு என்று அப்புறம்தான் உறைத்தது. வீட்டுக்காரருக்கு டிரைகிளிசரைடு அழகாக வந்ததும் அதனால்தானோ என்னவோ. விருந்து முடிந்து ஏப்ரலில் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அப்போது விட்டுவிட்டேன்.

மாமாவின் பி12 வரம்புக்குள்தான் இருந்தது. அல்புமின் விகிதம் மட்டும் 62. முப்பதுக்குள் இருக்க வேண்டும். ஹெல்த் சென்டர் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “முந்தின நாள் என்ன செஞ்சீங்க?” வெயிலில் பால்குடம் தூக்கி ஐந்து கிலோமீட்டர் நடந்தேன் என்றார் மாமா, கொஞ்சம் பெருமையாகவே. டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். முந்தின நாள் கடுமையாக உழைத்தாலும் காய்ச்சல் இருந்தாலும் இந்த எண் ஏறுமாம். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று டெஸ்டில் குறைந்தது இரண்டு உயர்ந்திருந்தால்தான் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்.

மே மாதம் திரும்ப எடுத்தோம். முந்தின நாள் மாமாவை வீட்டு வாசல்படி தாண்ட விடவில்லை. 54 வந்தது. டாக்டர் அவருடைய பிரஷர் மாத்திரையைச் சிறுநீரகத்தையும் காக்கும் வகையாக மாற்றி எழுதினார். இப்போது அந்தக் காகிதமும் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, தேதி வெளியே தெரிகிற மாதிரி மடித்து.