குளிர்விப்புப் பதிவேடு: ஒரு பணிப்பயிற்சியாளரின் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

சமைத்த சூப்பைக் குளிர்விக்கும் பகுதியின் பதிவேடு இன்று முதல் என் பொறுப்பு. சூப்பின் வெப்பநிலை 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அதன்பின் 5 டிகிரியை எட்ட மேலும் நான்கு மணி நேரம் உண்டு. முதல் கட்டத்துக்குக் குறைந்த நேரம் தரப்பட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொதிநிலையிலும் சாகாத குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் வித்துகள் சூப் ஆறும்போது முளைக்கின்றன. 43 முதல் 47 டிகிரிக்குள் அந்தப் பாக்டீரியா ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது.

சென்ற மாதப் பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பேட்ச்சுகளுக்கும் இறுதி வெப்பநிலை 4.0 என்றும், அளந்த நேரம் காலை 8:00 என்றும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அளந்திருந்தால் எங்காவது ஒரு 3.6 அல்லது 4.3, எங்காவது ஒரு 8:12 வந்திருக்கும் அல்லவா?

மார்ச் 5, புதன்

பதிவை நம்புவதற்கு முன் தெர்மாமீட்டரை நம்ப முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார் தரப்பிரிவு மேடம். ஒரு குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டியை இட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றிக் கலக்கி, கம்பி முனை அடியிலோ பக்கத்திலோ படாமல் நடுவில் பிடித்து, எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருந்தேன். நீர் அதிகமாகிப் பனிக்கட்டி மிதந்தால் அடிப்பகுதி பூச்சியத்தில் இருக்காது என்பதால் முதல் முயற்சியைக் கொட்டிவிட்டு மீண்டும் செய்ய வேண்டியிருந்தது.

முதல் தெர்மாமீட்டர் 0.2 காட்டியது, இரண்டாவது 1.4. இங்கு ஏற்கப்படும் பிழை அரை டிகிரி என்பதால் இரண்டாவதைச் சிவப்புப் பட்டை ஒட்டி ஒதுக்கிவிட்டோம். கூடுதலாகக் காட்டும் கருவி குளிர்விப்பில் தீங்கு செய்யாது, ஏனெனில் அது 5 என்னும்போது சூப் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். அதே கருவியைச் சமையல் வெப்பநிலை பார்க்க எடுத்துச் சென்றால் நிலைமை தலைகீழாகிவிடும். வேகாத உணவை வெந்ததாகக் காட்டும். பூச்சியத்தில் உள்ள பிழை உயர் வெப்பத்திலும் அதே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாததால், உயர் வெப்பத்தில் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

பதிவேட்டில் இல்லாத ஒன்றை இன்று செய்தேன்: மணிக்கொருமுறை ஆல்கஹாலில் துடைத்த கம்பியை ஒரு பாத்திரத்தின் நடுமையத்தில் இறக்கி அளந்தேன். 10:40-க்கு 57 டிகிரி, 11:40-க்கு 38, 12:40-க்கு 26. இரண்டு மணி நேர வரம்பு தவறிவிட்டது. குளிர் அறைச் சுவரில் இருந்த வெப்பநிலைக் காட்டியோ அந்நேரம் முழுவதும் 3 டிகிரியைச் சுற்றியே நின்றது. அது அளப்பது காற்றை.

காரணம் பாத்திரத்திலேயே இருந்தது. பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, மூடியும் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். பழைய படிவத்தில் தொடக்க வெப்பமும் மறுநாள் காலை வெப்பமும் எழுத மட்டுமே இடமுண்டு. காலையில் இந்தப் பாத்திரமும் 4 டிகிரியில்தான் இருந்திருக்கும். பதிவேட்டைப் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

அந்த நேரத்திலேயே கண்டுபிடித்ததால், உணவுப் பாதுகாப்புத் திட்டத்தில் எழுதியுள்ளபடி, சூப்பை உடனே 74 டிகிரிக்கு மீண்டும் சூடாக்கி ஒரே ஒரு முறை மறுபடி குளிர்விக்க மேடம் அனுமதித்தார். மறுநாள் காலையில் தெரிந்திருந்தால் கொட்டுவதைத் தவிர வழியில்லை. இம்முறை ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில், மூடாமல், தட்டுகளுக்கிடையே காற்று புகும்படி வைத்தோம். மேலே எதுவும் சொட்டாத அடுக்கைத் தேர்ந்தெடுத்தோம். 1:30-க்கு 57 ஆக இருந்தது 2:45-க்கு 21 ஆகியது. 5:20-க்கு 5 டிகிரி.

மார்ச் 7, வெள்ளி

நேற்று எழுதிய 26-ஐப் பார்த்த குளிர் அறை அண்ணன், "இருபத்தொண்ணுன்னு மாத்திடும்மா, தணிக்கைக்கு வர்றவங்க கேள்வி கேப்பாங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் 26-க்கு எதிரே மறுசூடாக்கிய நேரமும் கையொப்பமும் இருக்கின்றன. 21 என்று மாற்றினால், சூப்பை எதற்காக மீண்டும் சூடாக்கினோம் என்பதற்கு ஏட்டில் விடையே இராது. ஓரிடத்தில் நான் நேரத்தைத் தவறாக எழுதியிருந்தேன். அதன்மேல் ஒற்றைக் கோடிட்டு, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமும் தேதியும் இட்டேன்.

மார்ச் 10, திங்கள்

படிவத்தில் இரண்டு மணி நேர அளவுக்கும் பாத்திரத்தின் நிரப்பு உயரத்துக்கும் புதிய கட்டங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. இன்று அண்ணனே அளந்து எழுதினார். 11:07-க்கு 20.4, 12:16-க்கு 19.8, 1:03-க்கு 22.1 என்று பக்கம் ஒழுங்கில்லாமல் இருக்கிறது. மூன்றாவது பேட்ச்சைத் திரும்ப அடுப்புக்கு அனுப்பிவிட்டோம்.