தொகுப்பு விற்பனைக் கணக்கு: வருவாயா, லாபமா என்று முதலில் பாருங்கள்

நுண்பொருளியல் தாளின் முடிவு நேற்று வந்தது. பெரிய நிம்மதி. விளையாட்டுக் கோட்பாட்டுக் கேள்வி கழுத்தை அறுத்தது. தாங்கிப் பிடித்தது, இரண்டு பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் தொகுப்பு விற்பனைக் கணக்கு. எனவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வகுப்பில் பலரும் நேராகத் தொகுப்பு விலைக்குத் தாவுகிறார்கள். நான் எதிர்த்திசையில் போவேன்: தனித்தனி விற்பனையின் உச்ச வருவாயை முதலில் கண்டுபிடிப்பேன். ஒவ்வொரு வாடிக்கையாளரின் மதிப்பீட்டையும், அதாவது அவர் அதிகபட்சம் தரத் தயாராக இருக்கும் தொகையை, விலையாக வைத்துச் சோதித்தால் போதும்; இடைப்பட்ட விலைகள் தேவையில்லை. இரண்டு மதிப்பீடுகளுக்கு நடுவில் விலை வைத்தால், அதே ஆட்களிடம் குறைவாக வாங்குவதுதான் மிச்சம்.

மூன்று பேர், இரண்டு பொருள்கள். மதிப்பீடுகள்: அ (90, 20), ஆ (60, 60), இ (20, 90). முதல் பொருளை 90க்கு விற்றால் ஒருவர், 90. 60க்கு இருவர், 120. 20க்கு மூவர், 60. உச்சம் 120. இரண்டாவதும் அப்படியே, மொத்தம் 240. தொகுப்புக்கு மூவரும் தரத் தயாராக இருப்பது 110, 120, 110. விலை 110 என்றால் மூவரும் வாங்குவார்கள்: 330.

240க்கு மேல் கிடைத்த இந்த 90 எங்கிருந்து வந்தது? அதே எண்களை (90, 90), (60, 60), (20, 20) என்று மாற்றி அடுக்கிப் பாருங்கள். தனி விற்பனை அதே 240. தொகுப்பின் உச்சமும் 240தான், ஆதாயம் பூஜ்யம். கூட்டுத்தொகைகள் ஒன்றையொன்று நெருங்கும்போதுதான் தொகுப்பு சம்பாதிக்கிறது. விடைத்தாளில் இந்தக் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு.

இனி, கேள்வியின் கடைசிப் பகுதி. ஒவ்வொரு பொருளுக்கும் இறுதிநிலைச் செலவு 30 என்று சேர்த்துவிடுவார்கள். முதல் அடுக்குக்கே திரும்புவோம்:

- தனித்தனி: லாபம் 120
- 110க்குத் தொகுப்பு மட்டும்: 3 × 50 = 150
- தனியாக 90, தொகுப்பு 120: லாபம் 180

மூன்றாவதுதான் கலப்புத் தொகுப்பு. அ, இ இருவரும் தமக்குப் பிடித்ததைத் தனியாக வாங்க, ஆ மட்டும் தொகுப்பை எடுக்கிறார். ஒவ்வொருவரிடமும் லாபம் 60. 30 செலவாகும் பொருளை 20 மட்டுமே மதிப்பவர் தலையில் கட்டும் வீணடிப்பு இதில் இல்லை. வெறும் தொகுப்பில் பொருளியலாளர்கள் ஆடம்ஸ், யெல்லன் இருவரும் 1976இல் சுட்டிக்காட்டிய குறை இந்த வீணடிப்புதான்.

வருவாயைப் பார்த்தால் இதே கலப்புக்கு 300தான், வெறும் தொகுப்புக்கு 330. கேள்வி "வருவாய்" என்கிறதா, "லாபம்" என்கிறதா என்று அடிக்கோடிடச் சொல்வது இதனால்தான். விடையே மாறிவிடுகிறது.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கியதைத்தான் எடுப்பாரா என்று பாருங்கள். அ தொகுப்பை 110க்கு மேல் வாங்கமாட்டார், விலை 120, சரி. தனிப்பொருளை 90க்குத் தராமல் 80க்குத் தந்தால் ஆவும் தொகுப்பிலேயே நிற்பார், ஆனால் அ, இ இருவரிடமும் தலா 10 போய்விடும். மதிப்பீட்டிலிருந்து விலையைக் கழித்த உபரி பூஜ்யமானாலும் வாங்குவார் என்ற அனுமானத்தையும் எழுதிவிடுங்கள்.